நிஜ நோட்டீஸும் போலி பில்லும்: பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

போன வருடம் மார்ச் 3 அன்று ஒரு .com பெயர் வாங்கினேன். ஆறாவது நாளே ஒரு மடல் வந்தது: "டொமைன் காலாவதி, இறுதி அறிவிப்பு". இன்வாய்ஸ் எண், சிவப்பில் கடைசித் தேதி, 86 டாலர். இந்த ஆண்டு பிப்ரவரியில், பெயரை எனக்கு விற்ற கம்பெனியான பதிவாளரிடமிருந்து நிஜ நோட்டீஸ் வந்தபோது, இரண்டையும் திரையில் அருகருகே திறந்து வைத்தேன்.

முதல் வித்தியாசம் நாள்கணக்கு. டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் விதிப்படி பதிவாளர் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். வாங்கிய ஆறாம் நாளில் புதுப்பிக்க எதுவுமே இல்லை. சந்தேகம் வந்தால் டெர்மினலில், example.com இடத்தில் உங்கள் டொமைனை வைத்து, இதைத் தட்டிப் பாருங்கள்:

```
whois example.com
```

`Registry Expiry Date` வரியில் உண்மையான தேதி இருக்கும். `Registrar` வரியில் உங்கள் பதிவாளரின் பெயர் இருக்கும். போலி மடலில் இருந்த தேதி, அவர்கள் "சலுகை" முடிகிற தேதி!

இரண்டாவது, எதை விற்கிறார்கள் என்பது. நிஜ மடல் பெயர், ஆண்டு, விலை என்று நேராகச் சொன்னது. போலி மடலோ பத்து இடத்தில் டொமைன் என்றுவிட்டு, நடுவில் ஓரிடத்தில் "தேடுபொறிப் பதிவுச் சேவை" என்றது. கூகுள் தன் தேடலில் சேர்க்கக் காசு வாங்குவதில்லை. அடியில் பொடி எழுத்தில் "இது பில் அல்ல" என்றும் இருந்தது. வழக்கு வந்தால் தப்பிக்க!

என் முகவரி எப்படிக் கிடைத்தது? விவரங்களை மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் .com பெயர்ப் பட்டியலை விண்ணப்பித்து யாரும் பெறலாம். நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட்டால் புதுப் பெயர்கள் தெரிந்துவிடும். அப்புறம் தளத்தின் தொடர்புப் பக்கம் போதும்.

இதற்கு மூத்த அண்ணன் 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' அனுப்பிய தபால் கடிதங்கள். பணம் கட்டியவர்களின் டொமைன் பதிவு அந்தக் கம்பெனிக்கே மாறிவிட்டது. 2003-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இவையெல்லாம் போனால் கொஞ்சம் பணம். "மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது" என்று வரும் ஹோஸ்டிங் மடல்தான் எனக்குப் பயம். அதன் இணைப்பு போலி லாகின் பக்கத்துக்குப் போகும்; கடவுச்சொல் போனால் தளமே போச்சு. பிரவுசர் சேமித்து வைத்த கடவுச்சொல்லைத் தானாக நிரப்பவில்லையா, முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா மடலையும் அழித்துவிடாதீர்கள். வாங்கிய கையோடு வரும் மின்னஞ்சல் சரிபார்ப்பு நிஜமானது, பார்க்கத்தான் போலி மாதிரி. அது பணமோ கடவுச்சொல்லோ கேட்காது. 15 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் பொதுவாகப் பெயரை முடக்கிவிடுவார்கள். இணைப்பை அழுத்தத் தயக்கமா? பதிவாளர் கணக்கில் நீங்களே நுழைந்து, சரிபார்ப்பு மடலை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.