பெட்டி விலையை வைத்துப் பேசாதீர்கள்: பிஎஸ்5-க்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து வருடக் கணக்கு

2024-ல் தர்மபுரியில் அக்கா வீட்டில் இந்தப் பஞ்சாயத்து வந்தது. மகனுக்கு பிஎஸ்5 கேம் கன்சோல் வேண்டும். அத்தானோ, "அந்தக் காசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினால் படிக்கவும் ஆகும்" என்கிறார். "நீயே வந்து ஒரு முடிவு சொல்லுடா" என்று கிருஷ்ணகிரியில் இருந்த என்னை அக்கா கூப்பிட்டாள்.

படிப்பு வாதத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். மூத்தவளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா இருக்கிறது. பையனின் பள்ளி வேலைக்கு அதுவே யதேஷ்டம். அது இல்லாத வீடு என்றால் கணக்கே வேறு. கன்சோலோடு ஒரு லேப்டாப் விலையையும் சேர்க்க வேண்டும்.

டிஸ்க் போடும் பிஎஸ்5 ஸ்லிம் அப்போது 54,990 ரூபாய். டிவி ஏற்கெனவே இருந்தது. ஐந்து வருடத்தில் ஸ்டிக் தானாக நகரும் கோளாறு ஒரு முறையாவது வரும் என்று வைத்து, இன்னொரு கன்ட்ரோலருக்கு 6,000 சேர்த்தேன். இவன் நண்பர்களோடு ஆன்லைனில் கால்பந்து ஆடுகிறவன். அதற்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டாயம். அதில் எசென்ஷியல் திட்டம் அப்போது வருடத்துக்கு 3,949, ஐந்து வருடத்துக்கு 19,745. (ஃபோர்ட்நைட் மாதிரி இலவச ஆட்டம் மட்டும் என்றால் சந்தா தேவையில்லை. பலர் இது தெரியாமலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.) ஆக மொத்தம் 80,735.

கம்ப்யூட்டருக்கு பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விலை கேட்டேன். ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் சேர்த்து சுமார் 63,000. மானிட்டர், கீபோர்டு, மவுஸுக்கு 11,500. அப்புறம் யூபிஎஸ். இங்கே நான் ஏற்கெனவே சூடு பட்டவன். 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு ஒரு கணம் அதிகம் இழுக்கிற நேரத்தில் கரண்ட் போனால், 'பீப்' என்று கத்திவிட்டு எல்லாம் அணைந்துவிடும். அதனால் 1 கேவிஏ, 5,500. நடுவில் ஒரு பேட்டரி மாற்ற 1,500, கால்பந்துக்கு ஒயர் கன்ட்ரோலர் 2,500. மொத்தம் 84,000. ஆன்லைன் ஆட்டத்துக்குச் சந்தா கிடையாது.

அத்தான் பயந்த கரண்ட் பில் ஒரு விஷயமே இல்லை. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் கன்சோலும் டிவியும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் போல ஆகும்; கம்ப்யூட்டரும் மானிட்டரும் 34. யூனிட் 4.80 என்றால் இரண்டுக்கும் 170 ரூபாய்க்குப் பக்கம்.

ஆக, வாங்கும் அன்று மானிட்டர், யூபிஎஸ் வரை சேர்த்துத் தெரிந்த 25,000 வித்தியாசம் ஐந்து வருடத்தில் 3,000 ஆகச் சுருங்கிவிட்டது. மீதி எல்லாம் ஆட்டம் வாங்குகிற பழக்கத்தில் இருக்கிறது.

வருடத்துக்கு மூன்று, மொத்தம் 15 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5-இல் புதிய டிஸ்க் 5,000. முடித்ததும் பாதி விலைக்கு விற்றால் 37,500-இல் தீர்ந்துவிடும். கன்சோல் மொத்தம் 1,18,235. கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் தள்ளுபடி வரும்வரை பொறுத்து ஒன்று 2,000-க்கு வாங்கினால் 30,000, மொத்தம் 1,14,000. எபிக் கடையில் வாராவாரம் இலவசமாகக் கிடைப்பது தனி.

பொறுக்க மாட்டேன், வந்த வாரமே வேண்டும் என்றால்? கம்ப்யூட்டரில் ஒன்று 4,000 வைத்தாலும் 60,000 ஆகிவிடும். வாங்கியதை விற்கவும் வழியில்லை. மொத்தம் 1,44,000. அவசரக்காரனுக்கு டிஸ்க் கன்சோல் மலிவு, பொறுமைசாலிக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மலிவு. இரண்டு பக்கமும் மோசமாக மாட்டுவது டிஸ்க் இல்லாத டிஜிட்டல் பிஎஸ்5-ஐ அப்போதைய விலையான 44,990-க்கு வாங்கும் அவசரக்காரன்தான். முதலில் 10,000 மிச்சம், ஆனால் எதையும் விற்க முடியாது. அவன் கணக்கு 1,45,735-இல் போய் நிற்கும்.

நான்காம் வருடம் கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற ஆசை வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் 20,000-க்கு மேல் ஏறும். அந்த ஆசை வராத ஒருவரை நான் பார்த்ததில்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியதால் என் 63,000-மும் இன்று செல்லாது. புதிதாக விலை கேட்டுத்தான் போட வேண்டும்.

ஒரு சிக்கல்: தர்மபுரியில் பழைய டிஸ்கை எடுத்துக்கொள்ளும் கடை ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. விற்றால் கூரியரில் அனுப்ப வேண்டும், இல்லை பெங்களூரு போக வேண்டும். "யார்கிட்ட மாமா விப்பேன்?" என்றான். அவன் வகுப்பில் பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். மூன்று பேர். டிஸ்க் போடும் பெட்டியையே வாங்கச் சொன்னேன். நான்கு பேரும் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி மாற்றிக்கொள்கிறார்கள். முதல் வருடம் அவன் காசு போட்டு வாங்கியது ஒரே ஒரு ஆட்டம்.