ஒரே உதிரி பாகம், மூன்று கணிப்புகள்: எந்தப் பிழை அளவை நம்புவது?

எப்போதாவது மட்டும் விற்கும் ஓர் உதிரி பாகத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வாரங்களில் எட்டு வாரம் விற்பனையே இல்லை. ஒரு வாரம் 4, இன்னொரு வாரம் 6, ஆக மொத்தம் 10. இதற்கு மூன்று கணிப்புகள் வந்து நிற்கின்றன: வாரந்தோறும் 0, வாரந்தோறும் 1, வாரந்தோறும் 5.

திரையில் MAPE என்று தெரியும் சராசரி சதவீதப் பிழை, ஒவ்வொரு வாரப் பிழையையும் அந்த வார விற்பனையால் வகுக்கிறது. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்பதால் பல மென்பொருள்கள் விற்பனையற்ற வாரங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன. மிச்சமிருக்கும் இரண்டு வாரங்களில் 5 என்ற கணிப்பின் பிழை 21%, 1-இன் பிழை 79%, 0-இன் பிழை 100%. வென்றது 5. அதை நம்பி வாங்கினால் 10 விற்கும் இடத்தில் 50 வந்து குவியும்.

WAPE மொத்தப் பிழையை மொத்த விற்பனையால் வகுப்பதால் எந்த வாரமும் விடுபடாது. ஆனால் இங்கே 0-இன் பிழை 100%, 1-இன் பிழை 160%, 5-இன் பிழை 420%. வென்றது எதையும் வாங்க வேண்டாம் என்ற கணிப்பு! கூடுதலா குறைவா என்று பாராமல் பிழையின் அளவை மட்டும் குறைக்கப் பழக்கிய கணிப்பு மாதிரி இடைநிலை மதிப்பை நோக்கிப் போகும். பாதிக்கு மேல் பூஜ்ஜியமாக இருக்கும் வரிசையில் இடைநிலை மதிப்பும் பூஜ்ஜியம்தான். இப்படிப்பட்ட பொருள்களில் பிழை குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன், கணிப்புகளின் கூட்டுத்தொகையை விற்பனையின் கூட்டுத்தொகையோடு வைத்துப் பாருங்கள். இந்த ஒரு கழித்தலைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிழைகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் காணும் RMSE-இல் 1-க்கு 2.05, 0-க்கு 2.28, 5-க்கு 4.49. சராசரித் தேவைக்கு மிக அருகில் நிற்கும் கணிப்பே வெல்கிறது. வால்மார்ட் விற்பனைத் தரவை வைத்து 2020-இல் நடந்த M5 கணிப்புப் போட்டியில் வர்க்கப் பிழையைத் தேர்ந்ததற்கும் இதுவே காரணம்: அந்த வரிசைகளில் பூஜ்ஜியங்கள் ஏராளம். குறை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு பெரிய ஆர்டர் RMSE-ஐத் தூக்கிவிடும். வெவ்வேறு அளவில் விற்கும் பொருள்களை அதை வைத்து ஒப்பிடவும் முடியாது. நாள்தோறும் சீராக விற்கும் பொருளுக்கு WAPE போதும்.

அளவு எதுவானாலும், எந்தத் தேதியின் கணிப்பை மதிப்பிடுகிறோம் என்பது முக்கியம். சரக்கு வந்து சேர ஆறு வாரம் ஆகுமென்றால், ஆறு வாரம் முன்பு சொன்ன கணிப்பை வைத்துத்தான் ஆர்டர் போயிருக்கும். கணினியோ ஒவ்வொரு வாரமும் பழைய எண்ணின் மேல் புதியதை எழுதிவிடுகிறது. அறிக்கையில் நீங்கள் பார்ப்பது விற்பனைக்கு முந்தைய வாரம் திருத்தப்பட்ட அழகான எண்ணாக இருக்கலாம். ஆகவே வாரந்தோறும் கணிப்பின் நகலைத் தேதியோடு தனி அட்டவணையில் சேமியுங்கள். அதே ஆறு வார இடைவெளியில் ஒரு எளிய நகரும் சராசரியையும் கணக்கிட்டுப் பக்கத்தில் வையுங்கள். இயந்திரக் கற்றல் மாதிரியால் அதை முந்த முடியாத பொருள்களுக்கு அந்த மாதிரியை அணைத்துவிட்டு நகரும் சராசரியையே ஓடவிடலாம்.