மெம்பர்ஷிப்பை கேன்சல் பண்ணா மீதிப் பணம் வரும்னு சொன்னாங்க, 1,249 ரூபாய் போச்சு

வயிறு எரியுது, அதான் இப்பவே எழுதறேன். வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து தர்ற ஒரு ஆப். பேர் சொல்லல. டெலிவரி கட்டணம் கிடையாதுன்னு வருஷத்துக்கு 1,499 ரூபாய் கட்டியிருந்தேன். ரெண்டு மாசம்தான் ஆகுது. இந்த மாசக் கடைசியில தென்காசிக்கே குடிபோறோம். அங்க எங்க பின்கோடுக்கு இவங்க சர்வீஸே கிடையாது.

கேன்சல் பண்ணப் போனா ரெண்டு பட்டன். ஒண்ணு, அடுத்த வருஷத்துப் புதுப்பித்தலை மட்டும் நிறுத்தறது. இன்னொண்ணு, மெம்பர்ஷிப்பை உடனே முடிக்கிறது. எதுக்கும் கேட்டுக்குவோம்னு சாட்ல போய்க் கேட்டேன். "உடனே முடிச்சிடுங்க சார், மீதி 10 மாசத்துக்கான தொகை 5 முதல் 7 வேலை நாள்ல உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்"னு அந்தத் தம்பி தெளிவா எழுதினாரு. 1,499-ஐ 12-ஆல வகுத்து 10 மாசத்துக்குக் கணக்குப் போட்டா 1,249. சரியான்னு கேட்டேன். "சரி சார்"னாரு. இதுக்கு மேல என்னத்த நம்பறது? அமுக்கினேன்.

மறுநாள் பால், தயிர் ஆர்டர் போட்டா டெலிவரிக்கு 40 ரூபாய் கேக்குது! சலுகை அந்த நிமிஷமே நின்னுபோச்சு. பணம் மட்டும் வரல. ஏழு வேலை நாள் கழிச்சுக் கேட்டா "டீமுக்கு அனுப்பியிருக்கோம்". அப்புறம் "உங்க புகார் தீர்க்கப்பட்டது"ன்னு ஒரு மெசேஜ். என்னத்த தீர்த்தாங்க? திரும்பக் கேட்டா வேற ஒரு அம்மா, "கட்டின தொகை திரும்பத் தரப்படாதுன்னு விதிமுறையில இருக்கு சார்"னாங்க. சாட் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். "அது தவறான தகவல், வருந்துகிறோம்." உங்க ஆளு தந்த தவறான தகவலுக்கு நான் எதுக்குய்யா 1,249 ரூபாய் அழணும்? கடைசியில ஒரு 100 ரூபாய் கூப்பன் அனுப்பினாங்க. மெம்பர்களுக்கு மட்டும் செல்லுமாம். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

இன்னொண்ணும் பாத்தேன். யூபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதிக்குப் போனா அவங்களுக்குக் கொடுத்த அனுமதி இன்னும் ஆக்டிவாவே கிடக்குது. இவங்க கிட்ட கேன்சல் பண்ணா அது தானா போகும்னு நம்பிடாதீங்க. அங்க போய் நீங்களேதான் ரத்து பண்ணணும். ஆப்பை போன்ல இருந்து தூக்கினாலும் அது போகாது.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கை ஓடல. மீதிப் பணம் தருவோம்னு விதிமுறையிலேயே எழுதியிருந்தா ஒழிய, உடனே முடிக்கிற பட்டனைத் தொடாதீங்க. புதுப்பித்தலை மட்டும் நிறுத்துங்க, கட்டின காலம் முடியுற வரைக்கும் சலுகையாவது இருக்கும். சாட்டை மூடறதுக்குள்ள தேதி தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்னிக்குக் காலையில அதுல புகார் கொடுத்தாச்சு. 1,249 ரூபாயையும் விடறதா இல்ல.