போலீஸ் புகாரா, பாதுகாப்பு உத்தரவா: எதை முதலில் கேட்பது?

கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணுக்குச் சுற்றியிருப்பவர்கள் உடனே சொல்லும் யோசனை, மகளிர் காவல் நிலையத்துக்குப் போ என்பதுதான். மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்று சொல்பவர்கள் குறைவு. இரண்டும் இந்தியச் சட்டம் தரும் வழிகளே என்றாலும் அவை செய்யும் வேலை வேறு.

போலீஸ் புகார் நடந்து முடிந்த கொடுமைக்குத் தண்டனை தேடுகிறது. முன்பு 498ஏ என்று அறியப்பட்ட பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவாகியிருக்கிறது. கணவன் மீதும் அவன் உறவினர்கள் மீதும் வழக்குத் தொடரலாம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் புகார் கொடுத்தவுடன் கைது என்று எண்ணிவிடக் கூடாது. அவசியம் இருந்தால் மட்டுமே கைது செய்ய வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அவன் வெளியிலேயே இருக்கும்போது அவள் எங்கே தங்குவது, செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அந்த வழக்கில் விடை கிடைக்காது.

பாதுகாப்பு உத்தரவைத் தரும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இனி நடக்கப்போவதைத் தடுக்கிறது. திருமணமான பெண்ணுக்கு மட்டுமல்ல, தாய்க்கும் சகோதரிக்கும், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவளுக்கும் இது பொருந்தும். அடி மட்டுமின்றி வசை, மிரட்டல், பணத்தை முடக்குதல் ஆகியவையும் இதன்படி வன்முறைதான். அதே மனுவிலேயே வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றையும் கேட்கலாம்.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அடி தாங்காமல் வேறு மாவட்டத்தில் அக்கா வீட்டில் இருக்கிறாள். கணவன் இரவில் விடாமல் போன் செய்கிறான், பள்ளி வாசலில் வந்து நிற்கிறான், கூட்டுக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கிறான். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே அவள் மனு செய்யலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், நடந்ததை நிகழ்வு அறிக்கையாகப் பதிவு செய்து மனுவுக்கும் உதவ வேண்டும். பெண் என்பதாலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரும் அவளுக்குக் கிடைப்பார். மனு கிடைத்த 3 நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிவு என்கிறது சட்டம். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கிறது. அதனால்தான் பிரமாணப் பத்திரத்துடன் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அவசரம் புரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே மாஜிஸ்திரேட் அதைப் பிறப்பிக்கலாம்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘துன்புறுத்தக் கூடாது’ என்று பொதுப்படையாக உத்தரவு வந்தால், மீறலை நிரூபிப்பது பெரும்பாடு. பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டு அங்கே வரக் கூடாது, போன், குறுஞ்செய்தி, பிறர் வழியான தூது எதுவும் கூடாது, இந்தக் கணக்கைத் தொடக் கூடாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவின் கீழ் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மீறினால்? உத்தரவு அவன் கைக்குப் போன பின் பள்ளி வாசலில் மீண்டும் நின்றான் என்று வைத்துக்கொள்வோம். அதுவே தனிக் குற்றம், அடித்திருக்க வேண்டியதில்லை. 31ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைக்கால உத்தரவை மீறினாலும் இதேதான். ஜாமீன் தானாகக் கிடைக்கும் குற்றம் அல்ல இது. அவளுடைய சாட்சியம் ஒன்றே போதுமென நீதிமன்றம் முடிவு செய்யலாம். பாதுகாப்பு அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ நேரே மாஜிஸ்திரேட்டிடமோ புகார் தரலாம். உத்தரவு அவனுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட தேதிக்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்பதுதான் அவன் சொல்லப்போகும் முதல் பதில். மிரட்டல் செய்திகள் வந்த போனையும் மாற்றிவிடக் கூடாது.

என் கருத்தில், எலும்பு முறிவு, தீக்காயம், உயிருக்கு மிரட்டல் என்றால் காவல் நிலையம்தான் முதலில். மருத்துவமனைப் பதிவும் அன்றே வேண்டும். தினமும் தொடரும் தொல்லையிலிருந்து விடுபட்டு வேலைக்குப் போய்வர வேண்டிய பெண்ணுக்குப் பாதுகாப்பு உத்தரவே முந்த வேண்டும். ஒன்றைக் கேட்டதால் மற்றதை இழப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். பராமரிப்புத் தொகை தராததை 31ஆவது பிரிவில் தண்டிக்கலாமா என்பதில் மட்டும் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாக்கித் தொகைக்குத் தனி நிறைவேற்று மனு போடுவதே பாதுகாப்பு.

உத்தரவு வந்ததும் உறவினர்கள் சமாதானம் பேச வருவார்கள். பேசட்டும். ஒன்றாக வாழப் போனாலும் உத்தரவை உடனே ரத்து செய்யச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. அவளாக விண்ணப்பித்து விலக்கிக்கொள்ளும் வரை பாதுகாப்பு உத்தரவு அமலில் இருக்கும் என்கிறது 25ஆவது பிரிவு. நிலைமை மாறிவிட்டது என்று அவன் மாற்றம் கேட்டாலும் மாஜிஸ்திரேட் காரணத்தை எழுதித்தான் அதைச் செய்ய முடியும்.