ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், டிவிடி: மூன்று பிரதிகளில் எதை நம்புவது?

சுங்கை சிப்புட்டில் அப்பா நடத்திய ஸ்டூடியோவை மூடியபோது எங்களுக்கு மிஞ்சியவை நெகட்டிவ் பெட்டிகள்தான். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து குடும்பமாக வந்து நின்று எடுத்துக்கொண்ட படங்கள், கல்யாணங்கள், திருவிழாக்கள். அந்தத் தோட்டங்களில் சில இன்று வீட்டுமனைகள். லயங்கள் இடிந்துபோயின. 2012-இல் 6,400 நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தேன். படம் ஒன்று சுமார் 6 எம்பி, எல்லாம் சேர்த்து 38 ஜிபி வந்தது. பூஞ்சை பிடித்த நெகட்டிவ்களை அதன் பிறகு அம்மா தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீடே நாறியது.

ஸ்டூடியோ கணினியிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பிரதி, அதே கணினியிலிருந்து பத்து டிவிடிகளில் இன்னொரு பிரதி. 2017-இல் அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு பென் டிரைவுக்கு மூன்றாவது பிரதி. மூன்று இருக்கின்றன, போதும் என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

2024 தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு அத்தை மகன் கூப்பிட்டான். பாட்டியின் பதினாறாம் நாளுக்கு, 1991 தீமிதியில் பாட்டி பால்குடத்தோடு நிற்கும் படம் வேண்டுமாம். ஹார்ட் டிஸ்க்கில் திறந்தேன். மேல் பாதி ஒழுங்காக இருந்தது. பாட்டியின் தோளுக்குக் கீழே எல்லாம் இளஞ்சிவப்பு, அதற்கும் கீழே வெறும் சாம்பல்.

ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினாலும் இப்படி ஆகலாம். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்றுதான் அது எழுதி வைக்கிறது. நடுவில் ஒரு கணக்குத் தப்பினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தப்பு. கோப்பின் அளவு மாறாது, தேதியும் மாறாது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சரி, பென் டிரைவைப் பார்ப்போம் என்று திறந்தால் அதிலும் அதே இளஞ்சிவப்பு. டிவிடியில் மட்டும் படம் முழுதாக இருந்தது.

இங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. மூன்று பிரதி இருந்தால் இரண்டு சொல்வதை நம்பு என்பது பொதுவான கணக்கு. இங்கே அந்தக் கணக்கு பொய்யைத் தேர்ந்தெடுத்திருக்கும். பென் டிரைவ் தனி சாட்சியே இல்லை. ஹார்ட் டிஸ்க் சொன்னதை 2017-இல் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்கிற சாட்சி அது. அதனால் சேதம் 2017-க்கு முன்னாலேயே நடந்துவிட்டது என்பதும் தெரிந்தது. அநேகமாக 2012-இல் நகல் எடுக்கும்போதே, பழைய கணினியின் ரேமிலோ கேபிளிலோ நடந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் எழுதும் ஒவ்வொரு துண்டோடும் ஒரு திருத்தக் குறியீட்டையும் சேர்த்தே வைக்கிறது. தட்டு கெட்டுப்போனால் பெரும்பாலும் "படிக்க முடியவில்லை" என்று பிழைதான் வரும், பொய்யான படம் வராது. ஆனால் கெட்டுப்போன ஒன்றை அதனிடம் கொடுத்துப் பத்திரமாக வை என்றால், பத்திரமாக வைத்திருக்கும்.

மற்ற 6,399 படங்கள்? பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, ஒவ்வொரு பிரதியிலும் எல்லாக் கோப்புகளுக்கும் செக்சம் எடுத்தேன். ஒரு கோப்புக்குக் கைரேகை மாதிரி 64 எழுத்து. ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். மூன்று பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 6,234 படங்களில் மூன்றும் ஒத்துப்போயின. மிச்சத்தில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்தது.

ஹார்ட் டிஸ்க்கில் மூன்று கோப்புகள் படிக்கவே வரவில்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் CrystalDiskInfo-வில் பார்த்தால் C5 வரிசையில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் துண்டுகளின் எண்ணிக்கையில், 18 என்று இருந்தது. அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும். நம் கணக்கில் 24. பன்னிரண்டு வயது டிஸ்க்குக்கு இது ஆச்சரியமில்லை. வாய் திறந்து சொன்னதே, அது எனக்குப் பிடித்திருந்தது.

பென் டிரைவில் 23 படங்கள் வேறுபட்டன. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. கேட்டபோதெல்லாம் சிரித்த முகமாகக் கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தது. பிளாஷ் நினைவகத்தில் தகவல் என்பது சின்ன அறைகளில் அடைத்த மின்னூட்டம். அது மெதுவாகக் கசியும், சூட்டில் வேகமாகக் கசியும். என் பென் டிரைவ் ஏழு வருடம் தகரக் கூரைக்குக் கீழே பிஸ்கட் டின்னில் கிடந்தது. எஸ்எஸ்டிக்கும் இதே இயல்புதான். சில்லுத் தொழிலுக்குப் பொதுத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முடித்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைப் பிடித்து வைத்தால் போதும். புது எஸ்எஸ்டி இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனாலும் நம் ஊர் மத்தியானச் சூட்டில் அலமாரிக்கு உரிய பொருள் அதுவல்ல. வருடத்துக்கு ஒருமுறை செருகினாலே புத்துயிர் பெற்றுவிடும் என்று சொல்வார்கள். செருகினால் மட்டும் எல்லா அறைகளும் மறுபடி நிரம்பிவிடும் என்று எண்ணக்கூடாது. நிச்சயம் வேண்டுமென்றால் முழுதும் திரும்ப எழுத வேண்டும்.

டிவிடிகளில் ஒன்பது நன்றாகப் படித்தன. பத்தாவதில் 140 படங்கள் போய்விட்டன. அழகாக இருக்கட்டும் என்று நான் காகித ஸ்டிக்கர் ஒட்டிய வட்டு அது. ஈரம் ஊறி ஸ்டிக்கர் ஓரத்தில் உப்பியிருந்தது. டிவிடியில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகும், அதனால் ஓரம் கெட்டால் கடைசியில் எழுதியவை போகும். இங்கேயும் பிழை சத்தமாகத்தான் வந்தது. இன்னொரு நன்மை, ஒருமுறை எழுதி முடித்த வட்டின் மேல் யாராலும் தப்பாக எழுத முடியாது. பாட்டியின் படத்தை அதுதான் காப்பாற்றியது.

அந்த 140 படங்களுக்கு டிவிடி சாட்சி இல்லை. மிஞ்சிய இரண்டும் ஒரே வாய். அவற்றை மட்டும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் படிக்காத மூன்றில் ஒன்று இந்த 140-க்குள் இருந்தது. அதற்குப் பென் டிரைவ் பிரதி ஒன்றுதான் கதி. பார்வைக்கு நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல வழியில்லை. 2012-இல் பத்து நிமிடம் செலவழித்து ஒரு பட்டியல் எடுத்திருந்தால் இந்தச் சாட்சி விசாரணையே வேண்டாம். ஒரே ஒரு நல்ல பிரதி இருந்தாலும் அது நல்லது என்று பட்டியலே சொல்லியிருக்கும்.

பினாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "எதுக்கு மச்சான் இவ்வளவு வேலை? இரண்டு டிஸ்க் போட்டு ஒரு நாஸ் பெட்டி வாங்குங்க, ஸெட்எஃப்எஸ் போட்டா அதுவே பார்த்துக்கும்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்துக்கொண்டு, கெட்டதை அடுத்த டிஸ்க்கிலிருந்து தானே திருத்தும். தினமும் கோப்புகள் மாறுகிற ஸ்டூடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நானும் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் என் 38 ஜிபி மாறுவதே இல்லை. வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த அந்த நாஸ் பெட்டி எப்போதும் மின்சாரத்தில் நிற்கும், இரண்டு டிஸ்க்கும் ஒரே இடத்தில் இருக்கும். சாயங்கால இடி ஒன்று போதும், மோடமோடு சேர்த்துக் கொண்டுபோய்விடும். எங்கள் வீட்டில் இரண்டு மோடம் போயிருக்கின்றன.

ஆகவே என் தேர்வு இது. இரண்டு ஹார்ட் டிஸ்க், வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வருடம் வாங்கியவை. ஒன்று என்னிடம், ஒன்று ஈப்போவில் தங்கை வீட்டில். மூன்றாவதாக 25 ஜிபி ப்ளூ-ரே வட்டு இரண்டு. சாதாரண டிவிடியில் எழுதும் அடுக்கு கரிமச் சாயம், ஒளியும் சூடும் அதற்கு ஆகாது. பெரும்பாலான ப்ளூ-ரே வட்டுகளில் அந்த அடுக்கு கனிமப் பொருள். உறையில் LTH என்று இருந்தால் மட்டும் வாங்க வேண்டாம், அது சாய வகை. வட்டுகள் கேமரா லென்ஸோடு ட்ரை கேபினட்டில் இருக்கின்றன. ஸ்டிக்கர் இல்லை.

பட்டியலை ஒரே ஒருமுறை, கோப்புகள் நல்லவை என்று தெரிந்த அன்று எடுத்தேன்:

```
find . -type f ! -name senarai.sha256 \
  -exec sha256sum {} + > senarai.sha256
```

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு காலையில், மழை வருவதற்கு முன், ஒரு டிஸ்க்கை மட்டும் செருகி இதை ஓட்டுகிறேன்:

```
sha256sum -c --quiet senarai.sha256
```

பழைய லேப்டாப்பின் யுஎஸ்பி 2-இல் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஒரு கோப்பின் பக்கத்தில் `FAILED open or read` என்று வந்தால் டிஸ்க்கால் படிக்க முடியவில்லை, டிஸ்க்குக்கு வயதாகிறது. வெறும் `FAILED` என்றால் படித்தது, ஆனால் உள்ளடக்கம் வேறு. இரண்டாவதுதான் எனக்குப் பயம், அப்போது கேபிளையும் ரேமையும் சந்தேகப்பட வேண்டும். அடுத்து ஈப்போ டிஸ்க், அப்புறம் வட்டுகள். ஒரு வட்டில் எல்லாப் படங்களும் இல்லாததால் அங்கே மட்டும் `--ignore-missing` சேர்த்து ஓட்டுகிறேன். கெட்ட கோப்பு இருந்தால், பட்டியலோடு ஒத்துப்போகும் பிரதியிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்து மாற்றுகிறேன்.

இதில் நானே விழவிருந்த குழிகள் இரண்டு. வருடா வருடம் பட்டியலைப் புதிதாக எடுக்கக்கூடாது. எடுத்தால் கெட்டுப்போன கோப்புக்கும் புதுக் கைரேகை கிடைத்து அது நல்ல கோப்பாகிவிடும். புதிய படங்களுக்கு மட்டும் வரி சேர்க்க வேண்டும். அடுத்தது, நகல் எடுத்த கையோடு சரிபார்த்தால் கணினி டிஸ்க்கைத் தொடாமல் தன் ரேமில் இருப்பதையே படித்துவிட்டுச் சரி என்று சொல்லலாம். டிஸ்க்கைக் கழற்றி மறுபடி செருகிய பிறகே ஓட்ட வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டில் மூத்த டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். நிலுவைத் துண்டுகளின் எண் சுழியத்தைத் தாண்டினால் ஐந்து வருடம்கூடக் காத்திருக்க மாட்டேன்.

பழைய பென் டிரைவைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. படங்களை அழித்துவிட்டுக் காரில் பாட்டுக் கேட்கச் செருகியிருக்கிறேன். பாட்டில் ஒரு பிட் தப்பினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.