மேட்ச் நாளில் காராச்சேவு: தள்ளுபடியா, ஸ்டிக்கரா, ஸ்டேட்டஸா?

ஐபிஎல் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, சாத்தூரில் காராச்சேவு போடும் அண்ணாச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். பட்டறையில் மொத்தம் ஆறு பேர்தான். விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போகிறது. "தம்பி, இருபதாயிரம் ஒதுக்கியிருக்கேன். மேட்ச் பாக்குற வீட்டுல நம்ம பாக்கெட் இருக்கணும். டீம் பேரு, பிளேயர் பேரு எதுவும் வேண்டாம், வம்பு. ஆனா படிச்சா சிரிக்கணும்" என்றார்.

அவர் மனதில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஆட்டத்தின் ஸ்கோரோடு சேர்த்துக் கட்டிய தள்ளுபடி. இரண்டாவது, பாக்கெட்டின் மேல் ஒட்டும் வாசகம். மூன்றாவது, ஆட்டம் நடக்கும்போதே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் உடனுக்குடன் வாசகம் போடுவது. நாலாவதாகக் குலுக்கல் பரிசையும் சொன்னார். அதை அப்போதே தள்ளிவிட்டோம். தமிழ்நாட்டில் 1979 முதலே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் பரிசு விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் 'தமிழ்நாட்டில் செல்லாது' என்று போடுவது அதனால்தான். சிறு பட்டறைக்காரர் அதில் கால் வைக்கவே கூடாது.

மீதி மூன்றில் முதலில் தள்ளுபடி. 'ஒரு சிக்ஸருக்கு ஒரு ரூபாய் குறைவு' என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். அண்ணாச்சியின் 150 கிராம் பாக்கெட் ஐம்பது ரூபாய். கடைக்கு நாற்பதுக்குப் போடுகிறார். கடலைமாவு, எண்ணெய், கூலி, பை எல்லாம் சேர்த்து முப்பத்து மூன்று அடக்கம். கையில் நிற்பது ஏழு ரூபாய். எட்டாவது சிக்ஸரிலேயே அது கரைந்து நஷ்டம் ஆரம்பிக்கிறது. 2024 ஏப்ரல் 26 அன்று கொல்கத்தாவில் நடந்த ஓர் ஐபிஎல் ஆட்டத்தில் மட்டும் 42 சிக்ஸர்கள் பறந்தன. அன்று இந்தச் சலுகை இருந்திருந்தால் ஐம்பது ரூபாய் பாக்கெட்டை எட்டு ரூபாய்க்குக் கொடுத்திருக்க வேண்டும்.

"அப்போ அஞ்சு ரூபாய்க்கு மேல இல்லைன்னு போட்டுருவோம்" என்றார். அப்படிப் போட்டால் சிக்ஸர் என்ற சுவாரசியமே போய்விடும். அநேகமாக எந்த ஆட்டத்திலும் ஐந்து சிக்ஸராவது விழும். ஆகவே அது தினமும் ஐந்து ரூபாய் தள்ளுபடிதான். இன்னொரு சிக்கலும் உண்டு. வாங்குகிறவர் ஏழரை மணி ஆட்டத்துக்கு முன்பே வாங்கிவிடுகிறார். சிக்ஸர் அதற்கப்புறம்தான் விழுகிறது. அப்படியானால் தள்ளுபடி மறுநாளைக்கு. மறுநாள் கடைக்காரர் நேற்றைய கணக்கைப் பார்த்துக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகைக்கு அண்ணாச்சியிடம் வந்து நிற்க வேண்டும். இருபது கடை இருந்தால் இருபது கணக்கு. வேலை அத்தனை செய்தாலும் வாங்கியவர் மனதில் 'அஞ்சு ரூபா குறைச்சாங்க' என்பதுதான் நிற்கும். பேர் நிற்காது. அதனால் இந்த வழியை நான் வேண்டாம் என்றேன்.

நிஜமான போட்டி ஸ்டிக்கருக்கும் ஸ்டேட்டஸுக்கும்தான்.

ஸ்டேட்டஸுக்குச் செலவு கிடையாது. விக்கெட் விழுந்த நிமிடமே அதைப் பற்றிப் பேசலாம். தேர்டு அம்பயருக்குப் போன ஒரு நேரத்தில், 'முடிவு வர்ற வரைக்கும் கை பாக்கெட்டுக்குள்ளயே இருக்கட்டும்' என்று போட்டால் அதே தவிப்பில் இருக்கிறவர் சிரிப்பார், நாலு பேருக்கு அனுப்புவார். இந்தச் சூடு ஸ்டிக்கரில் வராது.

ஆனால் அந்தச் சிரிப்பு வரும் நேரம் இரவு ஒன்பதே முக்கால். சாத்தூர் மளிகைக் கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். வாங்க நினைத்தாலும் வழியில்லை. நொறுக்குத் தீனி விற்கும் நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை வரை. வேலை முடிந்து வருகிறவர், பால் வாங்க வந்த பையன், வீட்டுக்கு நண்பர்கள் வருகிறார்கள் என்று ஓடி வருகிறவர் எல்லோரும் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள்தான் வருகிறார்கள். ஸ்டிக்கர் அப்போது அவர்கள் கண்ணெதிரே தொங்குகிறது.

உடனுக்குடன் போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டிவியில் பார்ப்பவருக்கும் போன் ஆப்பில் பார்ப்பவருக்கும் நடுவே பல நொடிகள் இடைவெளி உண்டு. டிவியில் விக்கெட்டைப் பார்த்த கையோடு நாம் வாசகம் போட்டால், போனில் பார்ப்பவருக்கு அந்தப் பந்தை இன்னும் போட்டிருக்கவே மாட்டார்கள். அவருக்கு நம்மேல்தான் கோபம் வரும். குறைந்தது இரண்டு நிமிடம் காத்திருந்து போட வேண்டும். அதேபோல் நேரம் குறித்துத் தானாகப் போகும்படி எதையும் வைக்கக் கூடாது. மைதானத்தில் ஒருவர் அடிபட்டுப் படுத்திருக்கும்போது நம்முடைய வேடிக்கை வாசகம் போய் விழுந்தால், அந்த அவமானத்தைத் துடைக்க ஒரு சீசன் போதாது.

ஸ்டிக்கரிலும் சறுக்கல் இருக்கிறது. முதலில் அண்ணாச்சி பையிலேயே அச்சடிக்கலாமா என்று கேட்டார். பிளாஸ்டிக் ஃபிலிமில் அடிப்பதென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சு சிலிண்டர் வெட்ட வேண்டும். ஃபிலிமையும் நூற்றுக்கணக்கான கிலோ எடுக்கச் சொல்வார்கள். சீசன் முடிந்த பிறகு ஆடியிலும் ஆவணியிலும் 'கடைசி ஓவர்' என்று பேசும் பையில் சேவு அடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் வழக்கமான பை, மேலே ஒரு சிறு ஸ்டிக்கர். பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால் ஸ்டிக்கர் அடிப்பது ஒரு பாடே இல்லை. பன்னிரண்டு வாசகம், ஒவ்வொன்றிலும் ஆயிரம். ஒன்றுக்கு எண்பது காசு வீதம் 9,600 ரூபாய் ஆனது.

முதல் கட்டு ஒட்டி வந்தபோது ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாசகம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அதை ஒட்டிய அக்கா, பையின் பின்பக்கம் விலையும் அடைத்த தேதியும் இருக்கும் இடத்தின் மேலேயே அழுத்தி ஒட்டியிருந்தார். அது பெரிய தப்பு. விலை, எடை, அடைத்த தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்க எண் எதுவும் மறையக் கூடாது. நானூறு பாக்கெட்டையும் உரித்து மறுபடி ஒட்டினோம். அதன்பிறகு முன்பக்கம் வலது மேல்மூலை என்று ஒரு மாதிரி பாக்கெட்டைச் சுவரில் மாட்டிவைத்தோம்.

இனி வாசகம். பேர் சொல்லாமல் எழுதுவது என்றவுடன் பலர் செய்வது, நிறத்தையும் சட்டை எண்ணையும் பட்டப்பெயரையும் வைத்துக் கோடி காட்டுவது. கேலரியில் எல்லோரும் கத்தும் முழக்கத்தை எடுத்துப் பாக்கெட்டில் போடுவார்கள். அது பேர் சொன்னதற்குச் சமம். யாரைக் காட்டுகிறோம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்போது, பேர் எழுதவில்லை என்று வாதாடிப் பிரயோசனமில்லை. தொடரின் சின்னத்தையும் தொடக்கூடாது.

பேரும் சின்னமும் இல்லாமல் பேச இடம் நிறையவே இருக்கிறது. 1996 உலகக் கோப்பைக்கு அதிகாரபூர்வ பானம் கோகோ கோலா. பெப்சி 'இதில் அதிகாரபூர்வம் எதுவுமில்லை' என்ற பொருளில் ஒரே ஒரு ஆங்கில வரியை வைத்துக்கொண்டு அந்தத் தொடர் முழுவதும் பேசப்பட்டது. 2003 உலகக் கோப்பையின்போது, பிலிப்ஸ் பொருள் வாங்கினால் போட்டிக்கு டிக்கெட் வெல்லலாம் என்ற விளம்பரத்தை எதிர்த்து ஐசிசி தரப்பு டில்லி உயர் நீதிமன்றம் போனது. அதில் சின்னம் எதையும் எடுத்தாளவில்லை. நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் சின்னத்தை எடுத்துப் போட்ட இன்னொருவருக்குத் தடை விழுந்தது. அண்ணாச்சிக்கு நான் சொன்னது இதுதான்: ஆடுகிறவரை விட்டுவிடுவோம், பார்க்கிறவரைப் பற்றி எழுதுவோம்.

பார்க்கிறவர் வீட்டில் என்னென்ன நடக்கிறது? ஒருவர் எழுந்தால் விக்கெட் விழும் என்று நம்பி அவரைக் கட்டிப்போட்டதுபோல் உட்கார வைக்கிறார்கள். கடைசி ஓவரில் கரண்ட் போகிறது. பாட்டி சரியாக முக்கியமான பந்தில் 'எத்தனை ரன்னு வேணும்?' என்று கேட்கிறார். எழுதியவற்றில் நின்றவை இவை:

'நீ எந்திரிச்சா விக்கெட் விழும். சேவு நாங்க எடுத்துத் தர்றோம், உக்காரு.'

'கடைசி ஓவர், கடைசிப் பிடி. ரெண்டும் யாருக்குன்னு இன்னும் தெரியல.'

'பவர்பிளே ஆறு ஓவர். இந்த பாக்கெட் அதுக்குள்ள ஆல் அவுட்.'

'மழை வந்தா ஓவரைக் குறைப்பாங்க. சேவைக் குறைக்க மாட்டோம்.'

எந்த ஊர் ரசிகர் வாங்கினாலும் இந்த நாலும் அவருக்குப் பொருந்தும். கோவில்பட்டி கடையில் ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணிக்காரர்கள். ஒரு அணியைத் தூக்கிவைத்துப் பேசியிருந்தால் பாதி வீட்டை இழந்திருப்போம்.

கழித்துப் போட்டவையும் உண்டு. 'டக் அவுட் ஆனவருக்கும் ஒரு பிடி' என்று ஒன்று எழுதினேன். அண்ணாச்சி படித்துவிட்டு, "தோத்தவன் வயித்தெரிச்சல்ல நாம ஏன் எண்ணெய் காய்ச்சணும்?" என்றார். எடுத்துவிட்டேன். அவர் சொன்னது சரி. தோல்வியைச் சீண்டும் வாசகம் ஜெயித்தவர் வீட்டில்தான் சிரிப்பு. மற்றவர் வீட்டில் பாக்கெட்டையே பார்க்கப் பிடிக்காது.

கடைசியில் முடிவு இப்படி வந்தது. பணம் ஸ்டிக்கருக்கு, மீதியில் கொஞ்சம் கடையில் சரம் சரமாகத் தொங்கவிட கொக்கி அட்டைக்கு. ஸ்டேட்டஸ் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு. முதலாவது சாயங்காலம் ஐந்தரைக்கு, பக்கத்துக் கடையில் சரக்கு இருக்கிறது என்பதைச் சேர்த்து. இரண்டாவது இன்னிங்ஸ் இடைவெளியில், அந்த இருபது நிமிடம் எல்லோரும் போனைக் கையில் எடுக்கும்போது. விக்கெட்டுக்கு விக்கெட் ஓடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆறே பேர் உள்ள பட்டறையில் தினமும் நாலு மணி நேரம் அதற்கே உட்கார முடியாது. சோர்ந்துபோய் எழுதும் வாசகம் சிரிப்பையும் தராது.

ஒரு சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு விருதுநகரில் ஒரு கடையில் நின்றிருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் சரத்திலிருந்து பாக்கெட்டைத் திருகி எடுத்தவன், ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்: 'நீ எந்திரிச்சா விக்கெட் விழும்.' கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவன், "இது எங்க தாத்தா சொல்றதுல்ல?" என்று கேட்டுவிட்டு இன்னொரு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டான்.

சொந்த ஊர் தோற்கும் நாளுக்கென்று ஒரு ஸ்டேட்டஸ் மட்டும் தனியாக எழுதி வைத்திருந்தோம். சீசனில் மூன்று தடவை போட்டோம். 'இன்னைக்குப் பேச வேண்டாம். சாப்பிடுவோம்.' அதிகம் பேர் பதில் எழுதியது அதற்குத்தான். ஒருவர் ஒரே வார்த்தையில் எழுதியிருந்தார்: "சரி."