தாங்களா, நீங்களா, பதவிப் பெயரா? மேலதிகாரிகளுக்கான கடிதங்களில் நான் எடுத்த முடிவு

ஆங்கிலக் கடிதத்தில் ‘யூ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆட்சியருக்கும் எழுதலாம், அடுத்த வீட்டுக்காரருக்கும் எழுதலாம். அதைத் தமிழாக்க உட்காரும்போது முதல் வரியிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ‘நீங்கள்’ என்று எழுதுவதா, ‘தாங்கள்’ என்று எழுதுவதா, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு ‘மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்று பதவிப் பெயரிலேயே போவதா? பல ஆண்டுகள் நான் ‘தாங்கள்’ பக்கம்தான் இருந்தேன். இப்போது மூன்றாவது வழிக்கு மாறிவிட்டேன். அதற்கான காரணத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

தலைப்புப் பகுதியில் குழப்பம் அதிகம் இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பழக்கமானது. அமைச்சருக்கு ‘மாண்புமிகு’, உயர்நீதிமன்ற நீதிபதிக்கு ‘மாண்பமை’, ஆட்சியர் பெயருக்குப் பின்னால் ‘இ.ஆ.ப., அவர்கள்’. விளிக்கும் இடத்தில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ அல்லது ‘அம்மா’. ஆங்கிலத்தில் ‘டியர் சார்’ என்று இருக்கிறதே என்று ‘அன்புள்ள ஐயா’ போட்டால், உறவினருக்கு எழுதியதுபோல் ஆகிவிடும். இலங்கை அமைச்சருக்கு எழுதுவதானால் ‘கௌரவ’ என்பதே அங்குள்ள வழக்கம். இவ்வளவும் ஒருமுறை குறித்துவைத்துக்கொண்டால் போதும். சிக்கல் உடற்பகுதியில்தான் இருக்கிறது.

‘நீங்கள்’ என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது முன்னிலையை மட்டுமே குறிக்கும், யாரைச் சொல்கிறோம் என்பதில் ஐயமே வராது. வினைமுற்றும் இயல்பாக வந்து விழும். ஆனால் ஆட்சியருக்குப் போகும் விண்ணப்பத்தில் ‘நீங்கள் ஆய்வு செய்தீர்கள்’ என்று இருந்தால், எழுதித் தரச் சொன்னவரே முகம் சுளிப்பார். இலக்கணப்படி அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் அலுவலகத் தமிழின் காதுக்கு அது எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது.

அதனால்தான் எல்லோரும் ‘தாங்கள்’ பக்கம் போகிறோம். அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ‘தாங்கள், தங்கள்’ என்பது முன்னிலைக்கு மரியாதைச் சொல். அதே சொல்தான் படர்க்கையில் ‘அவரவர்களுடைய’ என்ற பொருளிலும் வரும். ‘ஊழியர்கள் தங்கள் கோரிக்கையை அளித்தனர்’ என்றால் கோரிக்கை ஊழியர்களுடையது. ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தில் மூன்றாம் தரப்பு ஒன்று நுழைந்ததும் இந்த இரண்டு பொருளும் மோதிக்கொள்கின்றன.

ஒரு நிறுவனத்துக்காக நான் செய்த கடிதத்தில் இப்படி ஒரு வரி வந்தது. மழைநீர் வடிகால் பிரச்சினை. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் ஏற்கெனவே ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள், அதைக் குறிப்பிட்டு நிறுவனம் விளக்கம் எழுதுகிறது. என் முதல் வரைவு:

‘குடியிருப்போர், தங்கள் பிரதிநிதிகள் தங்களைச் சந்தித்து, தங்கள் அலுவலகத்தில் நகல்களை ஒப்படைத்ததாகத் தங்கள் மனுவில் கூறியுள்ளனர்.’

ஒரே வாக்கியத்தில் நான்கு ‘தங்கள்’. முதலாவதும் கடைசியும் குடியிருப்போரைச் சுட்டுபவை, நடுவில் உள்ள இரண்டும் ஆட்சியரைச் சுட்டுபவை. எழுதிய எனக்கு இது தெளிவாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் ஆங்கில மூலம் பக்கத்திலேயே இருந்தது. நிறுவன மேலாளர் தமிழை மட்டும் படித்துவிட்டு போன் செய்தார்: “சார், நகலை யார் ஆபீஸ்ல குடுத்தாங்க? கலெக்டர் ஆபீஸ்லயா, இல்ல அவங்க சங்க ஆபீஸ்லயா?” நகல் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் அந்தக் கடிதத்தின் மையமே. அது கலங்கியிருந்தது.

சரி, ‘உங்கள்’ என்றே மாற்றிவிடலாம் என்று கணினியில் மொத்தமாகத் தேடி மாற்றினால் இன்னொரு வினை. குடியிருப்போரின் மனுவும் ‘உங்கள் மனு’ ஆகி, ஆட்சியரே மனு கொடுத்ததுபோல் ஆகிவிடும். கூடவே ‘கடிதங்கள்’ என்பது ‘கடிஉங்கள்’ என்றும் ‘மாதங்கள்’ என்பது ‘மாஉங்கள்’ என்றும் சிதைந்து நிற்கும், அந்தச் சொற்களுக்குள்ளும் ‘தங்கள்’ ஒளிந்திருப்பதால். தேடும் சொல்லுக்கும் மாற்றும் சொல்லுக்கும் முன்னால் ஓர் இடைவெளி விட்டால் சிதைவு நிற்கும். பொருள் மாறுவது நிற்காது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் பதவிப் பெயர் வழிக்கு வந்தேன். அதே வரி இப்போது:

‘குடியிருப்போரின் பிரதிநிதிகள் மாவட்ட ஆட்சியர் அவர்களை நேரில் சந்தித்து, ஆட்சியர் அலுவலகத்தில் நகல்களை ஒப்படைத்ததாகக் குடியிருப்போரின் மனுவில் கூறப்பட்டுள்ளது.’

இங்கேயும் முதல் முயற்சியில் சறுக்கினேன். ‘அவர்களது மனுவில்’ என்று எழுதியிருந்தேன். ‘ஆட்சியர் அவர்கள்’ என்று சற்று முன்தான் வந்திருப்பதால், மனு யாருடையது என்ற கேள்வி திரும்பவும் எழுந்தது. ‘அவர்கள்’ பன்மையும் ஆகும், மரியாதையும் ஆகும். ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் மூன்றாம் தரப்பை ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ‘குடியிருப்போர்’ என்ற சொல் ஒரு பத்தியில் மூன்று தடவை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வழி நீண்டுவிடாதா என்று கேட்பார்கள். உண்மையில் பல இடங்களில் சுருங்குகிறது, ஏனென்றால் தமிழில் கோரிக்கை வாக்கியத்துக்கு முன்னிலைப் பெயரே தேவையில்லை. ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்’, ‘அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்’ என்றால் போதும். ‘செய்யுமாறு’ என்பதில் நீங்களும் இல்லை, தாங்களும் இல்லை. ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் சென்ட்’ என்று இருப்பதைப் பார்த்து ‘தயவுசெய்து அனுப்பவும்’ என்று எழுதுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘அனுப்பவும்’ என்பது மேலிருந்து கீழே வரும் குறிப்புக்கு உரியது, முன்னால் ‘தயவுசெய்து’ போட்டாலும் அதன் தொனி மாறாது. குறை சொல்லும் வரியிலும் இதே வசதி உண்டு. ‘நீங்கள் பதில் அளிக்கவில்லை’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் இருப்பதை ‘எங்கள் கடிதத்திற்கு இதுவரை பதில் கிடைக்கப்பெறவில்லை’ என்று எழுதினால், செய்தி முழுதாக இருக்கும், விரல் நீட்டியதுபோல் இருக்காது.

விரல் நீட்டியே ஆக வேண்டிய கடிதங்களும் உண்டு. தகவல் உரிமை மேல்முறையீட்டில் தகவல் தராதவர் யார் என்பது அழுத்தமாக வர வேண்டும். அங்கே ‘பதில் கிடைக்கப்பெறவில்லை’ என்று மழுப்பினால் மனுதாரருக்கே நட்டம். ‘பொதுத் தகவல் அலுவலர் பதில் அளிக்கவில்லை’ என்று எழுவாயோடு எழுதிவிடுவேன்.

முக்கிய வாடிக்கையாளர்களுக்கான கடிதங்கள் என்னிடம் குறைவாகவே வருகின்றன, அதனால் வந்தவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். அங்கே பதவிப் பெயர் வழி ஒட்டவில்லை. ‘நிர்வாக இயக்குநர் அவர்கள் அறிய’ என்று அவருக்கே எழுதினால், மனு கொடுப்பதுபோல் விலகிப்போகிறது. இரண்டு தரப்பு மட்டுமே உள்ள கடிதமானால் ‘தாங்கள்’ தாராளமாகப் பொருந்துகிறது, மோதுவதற்கு மூன்றாமவர் இல்லை. ஆனால் வினைமுற்றைக் கவனிக்க வேண்டும்: ‘தாங்கள் தெரிவித்திருந்தீர்கள்’ என்றே வர வேண்டும். ‘தாங்கள் தெரிவித்திருந்தார்கள்’ என்று படர்க்கையில் முடித்த வரைவுகளைத் திருத்தியிருக்கிறேன். நடுவில் ‘எங்கள் பொறியாளர்கள்’, ‘தங்கள் ஊழியர்கள்’ என்று ஆட்கள் கூடத் தொடங்கியதும், அந்தப் பத்தியில் மட்டும் நிறுவனப் பெயரைப் போட்டுவிடுகிறேன். தொடக்கத்திலும் முடிவிலும் ‘தாங்கள்’ அப்படியே இருக்கும், ‘தங்கள் உண்மையுள்ள’ என்ற கடைசி வரி உட்பட.